சீசன் நடுவில் கிரிக்கெட் லீக் அணியிலிருந்து விலகுவது எப்படி? கேப்டனிடம் எப்போது சொல்வது, செயலாளருக்கு என்ன எழுதுவது?

போன சீசனில் ஆறு ஆட்டம் ஆடிவிட்டு நான் அணியை விட்டு விலகினேன். வேலையில் ஷிஃப்ட் மாறி, சனிக்கிழமைகள் கையை விட்டுப் போய்விட்டன. காரணத்தில் தவறில்லை, விலகிய விதம்தான் தவறு. ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அணியின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி போட்டுவிட்டு, குழுவிலிருந்தும் வெளியேறினேன். மறுநாள் அணி பத்து பேரோடு இறங்கியது.

அதைவிடப் பெரிய சேதம் அதற்குப் பிறகு வந்தது. எங்கள் லீக்கில் ஒரு அணிக்குப் பட்டியலில் 15 பெயர்தான் அனுமதி. நான் குழுவை விட்டுப் போனேனே தவிர, லீக் பட்டியலில் என் பெயர் அப்படியே இருந்தது. கேப்டன் புதுப் பையன் ஒருவனைச் சேர்க்கப் போனபோது, "விலகும் வீரர் எழுதித் தர வேண்டும்" என்று லீக் செயலாளர் சொல்லிவிட்டார். அந்தத் தகவல் என்னிடம் வந்து, நான் எழுதிக் கொடுத்தபோது புதுப் பதிவுக்கான கடைசி நாள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மீதி சீசனை அவர்கள் 14 பேரை வைத்தே ஓட்டினார்கள். யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது வீட்டில் விசேஷம் என்று வந்த வாரங்களில் மறுபடியும் பத்து பேர்தான்.

பட்டியலில் உங்கள் பெயர் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் காலி செய்து அணியின் கையில் கொடுக்கும்வரை நீங்கள் விலகியதாகக் கணக்கில்லை. இந்த சீசனில் வேறொரு அணியில் ஆடும் என் நண்பர் ஒருவருக்கு இதே நிலை வந்தது. இந்த முறை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் செய்தோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

1. விலகலா, சில வார விடுப்பா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டும் வேறு வேறு. தசைப்பிடிப்பு, தேர்வு, வெளியூர்ப் பயணம் போன்றவற்றுக்கு மூன்று நான்கு ஆட்டம் வர முடியாது என்றால் விலக வேண்டியதில்லை. தேதியோடு கேப்டனிடம் சொன்னால் போதும். பல லீக்குகளில் ஒருமுறை பெயரை நீக்கிவிட்டால் அதே சீசனில் திரும்பப் பதிய முடியாது.

விலகவும் மனமில்லாமல், ஆடவும் முடியாமல் வாராவாரம் "இந்த வாரம் மட்டும் வர முடியலை" என்று சொல்லிக்கொண்டே போவதும் உண்டு. பார்க்க மரியாதையாகத் தெரியும், ஆனால் கேப்டனுக்கு அதுதான் பெரிய தொல்லை. உங்கள் இடத்தை நிரப்பவும் முடியாது, உங்களை நம்பி அணியைத் தேர்வு செய்யவும் முடியாது. மீதி இருக்கும் ஆட்டங்களில் பாதிக்குக்கூட வர முடியாது என்று உங்களுக்கே தெரிந்தால் விலகிவிடுங்கள்.

2. விதிப் புத்தகத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்

சீசன் தொடக்கத்தில் அனுப்பிய விதிகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இப்போது திறந்து, வீரர் பதிவு என்ற பகுதியை மட்டும் படியுங்கள். புதுப் பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது? விலகியவர் இடத்தில் மாற்று வீரரைச் சேர்க்கலாமா? விலகல் கடிதத்தை யார் தர வேண்டும், வீரரா, கேப்டனா, இருவருமா? விலகியவர் அதே சீசனில் அதே லீக்கில் வேறு அணிக்கு ஆடலாமா?

கடைசி நாள் சில லீக்குகளில் தேதியாக இருக்கும், சிலவற்றில் சுற்று எண்ணாக இருக்கும். "8-வது சுற்றுக்கு முந்தைய புதன்கிழமை" என்பதுபோல. மழையால் சுற்றுகள் தள்ளிப்போனால் அந்த நாளும் தள்ளிப்போகுமா என்பது விதியில் தெளிவாக இல்லையென்றால், பழைய தேதியையே கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாக் அவுட்டில் ஆட ஒரு வீரர் லீக் சுற்றில் குறைந்தபட்சம் இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், உங்கள் இடத்தில் வருகிறவருக்கு மீதி ஆட்டங்கள் அந்தக் கணக்குக்குப் போதுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்கள் ஒரு வாரம் தாமதித்தால் அவருக்கு ஒரு ஆட்டம் குறையும்.

3. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நண்பரின் லீக்கில் மொத்தம் 14 சுற்று, ஆட்டம் சனிக்கிழமை தோறும். புதுப் பதிவு 8-வது சுற்றுக்கு முந்தைய புதனோடு முடியும். அவருக்கு விஷயம் உறுதியானது 6-வது சுற்று நடந்த வாரத்தில்.

புதியவரைத் தேடிப் பிடித்து, அவருடைய புகைப்படம், அடையாள அட்டை நகல், கையெழுத்திட்ட படிவம் எல்லாம் வாங்கிப் பதிய, கேப்டனுக்கு ஒரு வாரமாவது வேண்டும். அதனால் 6-வது ஆட்டம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே கேப்டனிடம் பேசுவது, செவ்வாய்க்கிழமை செயலாளருக்குக் கடிதம், 7-வது ஆட்டத்தை ஆடிக் கொடுப்பது, அதற்கு மறுநாள் ஞாயிறு முதல் பெயர் நீக்கம், திங்கள் முதல் புதன்வரை புதியவரின் பதிவு என்று திட்டம் போட்டோம்.

பெயர் நீக்கம் எந்த நாள் முதல் என்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கடிதத்தில் "உடனடியாக நீக்கவும்" என்று எழுதிவிட்டு, கேப்டனுக்காக இன்னும் ஒரு ஆட்டம் ஆடப் போனால், அன்றைக்கு நீங்கள் பதிவில்லாத வீரர். எதிரணி முறையிட்டால் ஜெயித்த ஆட்டத்தின் புள்ளிகளும் பறிபோகலாம். மாறாக, நீக்கும் தேதியைப் பதிவு முடியும் நாளுக்குப் பின்னால் போட்டால் இடம் காலியாகியும் பயனில்லை. கடைசியாக ஆடும் ஆட்டத்துக்கு மறுநாள், ஆனால் பதிவு முடியும் நாளுக்கு முன். அந்த இடைவெளிக்குள் தேதி விழ வேண்டும்.

4. கேப்டனிடம் பேசுங்கள், எழுதாதீர்கள்

இந்தச் செய்தியை முதலில் கேட்பவர் கேப்டனாக இருக்க வேண்டும். நெருங்கிய தோழனிடம்கூட அதற்கு முன் சொல்லாதீர்கள். அணிக்குள் இப்படிப்பட்ட பேச்சு ஒரு நெட் பிராக்டிஸ் முடிவதற்குள் கேப்டன் காதுக்குப் போய்விடும், அதுவும் வேறு உருவத்தில். செயலாளருக்கும் முதலில் எழுதக் கூடாது. அவர் நல்லெண்ணத்தில் "உங்க பையன் ஒருத்தர் விலகுறாராமே" என்று கேப்டனுக்கு ஃபோன் போட்டுவிட்டால், அப்புறம் நீங்கள் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் கேப்டனுக்கு அது தன்னைத் தாண்டிப் போனதாகத்தான் படும்.

ஆட்டத்தன்று டாஸுக்கு முன்னால் வேண்டாம். தோற்ற உடனேயும் வேண்டாம், தோல்விக்காக விலகுவதுபோல் ஆகிவிடும். மறுநாள் மாலை நல்ல நேரம். வாட்ஸ்அப்பில் நேரம் மட்டும் கேளுங்கள்: "அண்ணா, இன்னைக்கு சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் பேசணும். எப்போ கூப்பிடட்டும்?" விஷயத்தை அதில் எழுத வேண்டாம்.

பேசும்போது முதல் இரண்டு வாக்கியத்துக்குள் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடம் சுற்றி வளைத்தால், பேரம் பேச வந்திருக்கிறீர்கள் என்று கேப்டன் நினைப்பார். பேட்டிங் வரிசையில் மேலே போடுகிறேன் என்று அவர் சொல்ல, நீங்கள் மறுக்க, இருவருக்கும் சங்கடம். என் நண்பர் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது:

"அண்ணா, வேலை நேரம் மாறிடுச்சு. அடுத்த மாசத்திலிருந்து சனிக்கிழமை வர முடியாது, அதனால இந்த சீசன்ல தொடர முடியலை. அடுத்த சனிக்கிழமை மேட்ச் கண்டிப்பா ஆடிடுறேன், அதுதான் கடைசி."

"என்னப்பா இது, பாதியில சொல்றே. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது வர முடியாதா?"

"சொல்லிட்டு வராம போனா உங்களுக்குத்தான் கஷ்டம், அண்ணா. இப்போ சொன்னா புதன்கிழமை பதிவு முடியுறதுக்குள்ள வேற ஆளைச் சேர்த்துடலாம். கடிதத்தை நான் செவ்வாய்க்கிழமையே கொடுத்துடுறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேப்டன் கேட்டது: "சரி, உன் ஆறு ஓவரை யார் போடுறது?"

எந்த கேப்டனுக்கும் முதலில் எழும் கேள்வி அதுதான். 30 ஓவர் ஆட்டம், ஒருவருக்கு அதிகபட்சம் 6 ஓவர் என்றால், அணிக்கு ஐந்து பந்துவீச்சாளர் கட்டாயம். நண்பர் அந்த ஐவரில் ஒருவர். பேச்சுக்கு முன்பே அவர் அதை யோசித்து வைத்திருந்தார். வலையில் நன்றாகப் போடும், ஆனால் ஆட்டத்தில் அதிகம் பந்து கிடைக்காத ஒருவருக்கு 7-வது ஆட்டத்திலேயே இரண்டு மூன்று ஓவர் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். கேப்டன் அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். தேர்வு அவருடையது. ஆனால் உங்கள் இடத்தில் என்ன குறையும் என்பதை நீங்கள் யோசித்து வந்திருப்பது தெரிந்தால், கோபம் பாதி இறங்கிவிடும். நீங்கள் விக்கெட் கீப்பராக இருந்தால் இது இன்னும் முக்கியம். கையுறை மாட்டிப் பழகிய இன்னொருவர் அணியில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

மாற்று ஆளை நானே கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தெரிந்தவர் இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு, எண்ணை கேப்டனிடம் கொடுங்கள். அதற்குமேல் வாக்குக் கொடுத்து ஆள் வராமல் போனால் இரண்டாவது முறையும் ஏமாற்றியதாக ஆகிவிடும்.

சரி, விலகலுக்குக் காரணம் வேலை அல்ல, கேப்டனே காரணம் என்றால்? ஆறு ஆட்டத்தில் நான்கில் வெளியே உட்கார வைத்தார், பந்து தரவில்லை, இப்படி ஏதாவது. பொய்க் காரணம் சொல்ல வேண்டாம். வேலை என்று சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமை வேறு மைதானத்தில் ஆடினால் அன்றைக்கே தெரிந்துவிடும். "எனக்கு ஆட்டம் அதிகம் கிடைக்கலை, அண்ணா. ஆட வாய்ப்பு கிடைக்குற இடத்துல ஆடணும்னு நினைக்கிறேன்" என்று உங்கள் பக்கத்தை மட்டும் சொல்லுங்கள். யாரைவிட யார் நன்றாக ஆடுகிறார் என்ற ஒப்பீட்டுக்குள் போகாதீர்கள். அதில் இழுபடும் பெயர்கள் அடுத்த நாளே அவரவர் காதுக்குப் போகும்.

பேசி முடித்ததும் கேப்டனுக்கு இரண்டு வரி அனுப்புங்கள். கடைசி ஆட்டம் எது, எந்தத் தேதி முதல் பெயர் நீக்கம், கடிதம் எப்போது போகும் என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால் பிறகு "நீ அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சு வராது.

5. செயலாளருக்கு எழுதுங்கள், சுருக்கமாக

செயலாளர் பெரும்பாலும் சம்பளமில்லாமல், தன் வேலைக்கு நடுவில் பட்டியல், அட்டவணை, நடுவர், புகார் எல்லாவற்றையும் பார்ப்பவர். அவருக்கு உங்கள் மனவருத்தம் தேவையில்லை, தேதியும் பதிவு எண்ணும்தான் தேவை. என் கடிதம் முதல் முறை திரும்பி வந்ததே பதிவு எண் இல்லாததால்தான். அந்த லீக்கில் என் பெயரிலேயே இன்னொருவரும் இருந்தார்.

லீக்குக்கு என்று தனிப் படிவம் இருந்தால் அதையே நிரப்புங்கள். இல்லையென்றால் இப்படி மின்னஞ்சல் அனுப்பலாம். கேப்டனுக்கும் நகல் போக வேண்டும்:

> பொருள்: வீரர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கக் கோருதல் – (அணியின் பெயர்), பதிவு எண் (…)
>
> ஐயா, வணக்கம்.
>
> மேற்கண்ட அணியில் இந்த சீசனுக்குப் பதிவு செய்துள்ளேன். வேலை நேர மாற்றத்தால் தொடர்ந்து ஆட இயலவில்லை. (தேதி) அன்று நடக்கும் 7-வது சுற்று ஆட்டமே என் கடைசி ஆட்டம். அதற்கு மறுநாள் (தேதி) முதல் என் பெயரை நீக்கி, அந்த இடத்தில் மாற்று வீரரைப் பதிய அணிக்கு அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இது பற்றி கேப்டனிடம் பேசிவிட்டேன். இந்த மடலின் நகல் அவருக்கும் அனுப்பியுள்ளேன். என் பெயரில் லீக்குக்கு நிலுவை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள். பெயர் நீக்கப்பட்டதும் ஒரு வரி பதில் தந்தால் உதவியாக இருக்கும்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கைபேசி எண்)

கேப்டன் பற்றியோ அணி நிர்வாகம் பற்றியோ இதில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். இந்தக் கடிதம் லீக் கோப்பில் இருக்கும், குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படலாம். உண்மையிலேயே புகார் இருந்தால் அது தனி மடல், தனி நடைமுறை. இரண்டையும் கலந்தால் புகார் விசாரணை முடியும்வரை பெயர் நீக்கமும் நின்றுபோகலாம்.

மடல் அனுப்பி இரண்டு நாளில் பதில் வரவில்லையென்றால், ஒருமுறை ஃபோன் செய்யுங்கள். நண்பருக்கு வியாழக்கிழமை வரை பதில் இல்லை. கூப்பிட்டுக் கேட்டபோது, கேப்டனின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். விதியில் அப்படி இல்லை, ஆனால் அவர்கள் வழக்கம் அது. கேப்டன் அதே மடலுக்கு "சம்மதம்" என்று ஒரு வரி பதில் போட்டதும் அன்று மாலையே அனுமதி கிடைத்தது. கேப்டனிடம் முதலில் பேசியிருந்ததால்தான் அந்த ஒரு வரி உடனே கிடைத்தது.

6. பணம், பொருள், முறை வேலை

சீசன் கட்டணத்தில் எது திரும்பும் என்பதைப் பிரித்துப் பாருங்கள். லீக்குக்குக் கட்டிய பதிவுக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. மைதானம், பந்து, நடுவர் செலவுக்காக அணி வசூலித்த பங்கில்தான் பேச்சுக்கு இடமுண்டு. அதிலும் கேப்டன் மைதானத்துக்கு முழு சீசன் முன்பணம் கட்டியிருந்தால் பணம் அவர் கையில் இல்லை. நியாயமான வழி இதுதான்: நீங்கள் ஆடியது 14-ல் 7. மீதி 7 ஆட்டத்தின் பங்கைப் புதிதாக வருபவர் கட்டும்போது அது உங்களுக்கு வரட்டும். ஆள் கிடைக்கவில்லையென்றால் கேட்காதீர்கள், 15 பேர் என்று கணக்கிட்டுத்தான் தலைக்கு இவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் பணம் கொடுக்கும் அணியாக இருந்தால், கடைசி ஆட்டத்தன்றே பாக்கியைக் கொடுத்து முடியுங்கள்.

அணியின் கிட் பேக், கீப்பிங் கையுறை, ஸ்கோர் புத்தகம் உங்களிடம் இருந்தால் கடைசி ஆட்டத்தன்று கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஜெர்சியை அணி வாங்கிக் கொடுத்திருந்தால் துவைத்துத் திருப்பித் தாருங்கள். உங்கள் முறைக்கு ஸ்கோர் எழுதுவது, வேறு ஆட்டத்துக்கு நடுவராக நிற்பது போன்ற கடமை அட்டவணையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டத்தை விட்டதும் பலரும் இதை மறந்துவிடுவார்கள், ஆள் வராததற்கு அபராதம் அணியின் தலையில் விழும். ஸ்கோர் செயலியில் அணியின் நிர்வாகக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அதையும் கைமாற்றிவிடுங்கள்.

7. மற்றவர்களிடம் எப்போது சொல்வது

கேப்டனிடம் கேளுங்கள்: "குழுவுல நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" ஆள் பிடிக்கும்வரை இரண்டு நாள் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். நீங்கள் எழுதுவதானால் மூன்று வரி போதும்: விலகுகிறேன், காரணம் இது, சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம். குழுவிலிருந்து அன்றைக்கே வெளியேற வேண்டாம். கணக்கும் பொருளும் தீர்ந்த பிறகு, சொல்லிவிட்டு வெளியேறுங்கள். "இன்னார் வெளியேறினார்" என்ற அந்த ஒற்றை வரியை மட்டும் பார்த்தவர்களுக்கு அது கோபமாகத்தான் தெரியும். என் விஷயத்தில் அப்படித்தான் ஆனது, இரண்டு பேரிடம் பேச்சு சரியாக மாதக்கணக்கில் ஆயிற்று.

8. வேறு அணிக்குப் போவதாக இருந்தால்

அதே லீக்கில் வேறு அணிக்கு ஆட பெரும்பாலும் பழைய அணியின் தடையில்லாக் கடிதமும் செயலாளரின் அனுமதியும் வேண்டும். சில லீக்குகளில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டாலே அந்த சீசன் முழுக்க அந்த அணிதான். அனுமதி எழுத்தில் வரும்வரை புது அணியின் பிராக்டிஸுக்குப் போகலாம், ஆட்டத்தில் இறங்கக் கூடாது. "கேப்டன் வாயால சரின்னு சொல்லிட்டாரு" என்பது செல்லாது. தவறினால் புள்ளி இழப்பது புது அணி. உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இருந்தால் அதுவும் உங்களோடு புது அணிக்கு வரும்.

9. பட்டியலைக் கண்ணால் பாருங்கள்

நீக்கும் தேதிக்கு அடுத்த நாள், லீக் வெளியிடும் வீரர் பட்டியலைத் திறந்து உங்கள் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள். நண்பரின் பெயர் திங்கள் காலையிலும் இருந்தது. செயலாளருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பியதும் மதியம் நீக்கிவிட்டார், மாலையில் புதுப் பையனின் பெயர் அந்த இடத்தில் ஏறியது, பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே. செயலாளரின் பதில் மடலை அடுத்த சீசன் பதிவு முடியும்வரை அழிக்காதீர்கள். புதிதாகப் பதியும்போது பழைய அணியில் பெயர் நிற்பதாகவோ பாக்கி இருப்பதாகவோ கேள்வி வந்தால் காட்ட உங்களிடம் வேறு ஆதாரம் இருக்காது.